2015 லேப்டாப், கிராபிக்ஸ் கார்டு இல்லை: கேமை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

ரகு_பெரம்பூர் | சனி, இரவு 10:12

வணக்கம். 2015 ஆயுத பூஜை சமயத்தில் வாங்கிய லேப்டாப் இது. `Intel Core i3-5005U`, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட்டிஸ்க், 1366×768 திரை, விண்டோஸ் 10. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. `dxdiag` போட்டுப் பார்த்தால் `Intel(R) HD Graphics 5500` என்று மட்டும் வருகிறது.

வேலை முடிந்து சாப்பிட்ட பிறகு இரவில் ஒரு மணி நேரம் கிடைக்கும். ஆறாவது படிக்கும் மகளும் கூட உட்காருவாள். ஸ்டார்டியூ வேலி அருமையாக ஓடுகிறது. ஆனால் அதே தைரியத்தில் தள்ளுபடியில் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் வாங்கினேன். லேப்டாப்பும் 2015, கேமும் 2015, அதனால் ஓடும் என்று கணக்குப் போட்டேன். ஊர் கொஞ்சம் வளர்ந்ததும் நகரவே மாட்டேன் என்கிறது. மகள் அந்த ஊருக்குப் பெயரெல்லாம் வைத்திருந்தாள், அதனால் மனசு கேட்கவில்லை. போர்ட்டல் 2-ம் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் சரியாகத் தொடங்கவில்லை.

பள்ளிக் கட்டணம் கட்டும் நேரம், புது லேப்டாப் பேச்சுக்கே இடமில்லை. "இதை ஆடுங்கள்" என்ற பட்டியல் இணையத்தில் நிறைய இருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது, ஒரு கேமை வாங்கும் முன்பே இந்த லேப்டாப்பில் ஓடுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

---

ஜாபர்_ராயபுரம் | சனி, இரவு 10:31

ரிச்சி ஸ்ட்ரீட் போங்க பாய். செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1650 கிடைக்கும், தனி பவர் கேபிள் கூட வேண்டாத மாடலாகப் பார்த்து வாங்குங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸே போதும். என் மச்சானுக்கு அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன், எல்லாமே ஓடுகிறது.

---

ரகு_பெரம்பூர் | சனி, இரவு 10:40

ஜாபர் பாய், இது லேப்டாப். கார்டு செருக இடமே இல்லை.

---

ஜாபர்_ராயபுரம் | சனி, இரவு 10:44

மன்னிக்கணும், டெஸ்க்டாப் என்று நினைத்துப் படித்துவிட்டேன். அப்படியென்றால் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 போடுங்கள். அந்தக் காலத்து பிரவுசிங் சென்டரில் எந்த மெஷினில்தான் அது ஓடவில்லை?

---

பிரபா_கேமர் | சனி, இரவு 11:05

ப்ரோ, உங்கள் பிரச்சினை வீடியோ மெமரி. `dxdiag`-ல் 128 எம்பி என்று காட்டும் பாருங்கள். ரெஜிஸ்ட்ரியில் அதை 512 ஆக்கலாம். `regedit` திறந்து இதைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்:

```
HKEY_LOCAL_MACHINE\SOFTWARE\Intel\GMM
DedicatedSegmentSize  (DWORD)  512
```

நான் செய்து பார்த்தேன், அதற்கு முன் திறக்கவே மறுத்த ஒரு கேம் திறந்தது. இதைச் செய்தால் சிட்டீஸும் ஓடும்.

---

சர்வீஸ்_வேலு | ஞாயிறு, காலை 7:20

லேப்டாப் பழுதுபார்ப்பு வேலையில் பல வருடமாக இருக்கிறேன். பிரபா தம்பி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. சில கேம்கள் திறக்கும்போதே "எவ்வளவு வீடியோ மெமரி?" என்று கேட்கும், 128 என்று பதில் வந்தால் திரும்பிப் போய்விடும். அந்த ரெஜிஸ்ட்ரி எண் அங்கே பதிலை மட்டும் மாற்றுகிறது. அதனால்தான் தம்பியின் கேம் திறந்தது. ஆனால் இந்த இன்டெல் சிப்புக்குத் தனி மெமரியே கிடையாது, தேவைப்படும்போது ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். எண்ணை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் எடுப்பது அதே ராம், வேகமும் அதே வேகம். திறக்காத கேம் திறக்கலாம், மெதுவாக ஓடும் கேம் வேகமாகாது.

ரகு சார், உங்கள் கேள்விக்கு வருகிறேன். கேம் வெளியான வருடத்தை அளவுகோலாக எடுக்காதீர்கள். 2018-ல் வந்தது உங்களிடம் வழுக்கிக்கொண்டு ஓடும், 2015-ல் வந்தது திணறும். நான் கேமை இரண்டு வகையாகப் பிரிப்பேன். ஒரு வகை, ரெசல்யூஷனைக் குறைத்தால் வேகம் ஏறும். இன்னொரு வகை, எவ்வளவு குறைத்தாலும் ஏறாது.

முதல் வகையில் சுமை படம் வரைவதில் இருக்கிறது. திரையில் எத்தனை புள்ளியோ அத்தனை வேலை. 1366×768 என்றால் ஏறக்குறைய பத்தரை லட்சம் புள்ளி, 1024×576 என்றால் ஆறு லட்சத்துக்குள். கிட்டத்தட்ட பாதி வேலை குறைந்துவிட்டது. இப்படிப்பட்ட கேமை உங்கள் லேப்டாப்பில் காப்பாற்ற முடியும்.

இரண்டாவது வகையில் சுமை கணக்குப் போடுவதில் இருக்கிறது. சிட்டீஸில் ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு வண்டியும் எந்த வழியாகப் போக வேண்டும் என்று பிராசசர் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. படத்தைச் சின்னதாக்கினால் அந்தக் கணக்கு குறையுமா? ஊரில் ஆள் கூடக் கூட அதுவும் கூடும். அதனால்தான் தொடக்கத்தில் நன்றாக ஓடி உங்களை ஏமாற்றியது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். ஸ்டீம் செட்டிங்ஸில் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று காட்டுவதை ஆன் செய்யுங்கள். பக்கத்தில் டாஸ்க் மேனேஜரின் `Performance` பக்கத்தைத் திறந்து வையுங்கள். போர்ட்டல் 2, சிட்டீஸ் இரண்டையும் ஒரே இடத்தில் நின்று இரண்டு ரெசல்யூஷனில் ஓட்டுங்கள். எஃப்பிஎஸ், `GPU`, `Memory`, `Disk` நான்கையும் எழுதிப் போடுங்கள். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும், பேட்டரியில் ஓட்டினால் எல்லா எண்ணும் தப்பாக வரும்.

---

கீர்த்தனா_தாம்பரம் | ஞாயிறு, காலை 9:02

வேலு அண்ணா, என்னுடையதும் இதே பிராசசர்தான், அண்ணன் கொடுத்த பழைய லேப்டாப். போன மாதம் வரை செலஸ்ட் நன்றாக ஓடியது. இப்போது கேமே வேண்டாம், பிரவுசரில் தட்டச்சு செய்தால் எழுத்து இரண்டு நொடி கழித்து வருகிறது. வைரஸா? விண்டோஸை மறுபடி போட்டும் அப்படியேதான். டாஸ்க் மேனேஜரில் `Speed` என்ற இடத்தில் 0.79 GHz என்று நிற்கிறது.

---

சர்வீஸ்_வேலு | ஞாயிறு, காலை 9:30

போன மாதம் சார்ஜர் மாற்றினாயா அம்மா?

---

கீர்த்தனா_தாம்பரம் | ஞாயிறு, காலை 9:41

ஆமாம் அண்ணா! பழையது வயர் பிய்ந்துவிட்டது, ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒன்று வாங்கினேன். சார்ஜ் ஏறவில்லை, ஆனால் லேப்டாப் ஓடுகிறது.

---

சர்வீஸ்_வேலு | ஞாயிறு, காலை 9:55

அதுதான். சில லேப்டாப்புகள் சார்ஜரின் நடு ஊசி வழியாக "நீ எத்தனை வாட்?" என்று கேட்கும். பதில் வராவிட்டால் பிராசசரை அடிமட்ட வேகத்திலேயே கட்டிப் போட்டுவிடும், பேட்டரியையும் சார்ஜ் செய்யாது. விண்டோஸை எத்தனை முறை போட்டாலும் மாறாது. உன் மாடலுக்கு உரிய சார்ஜரை யாரிடமாவது கடன் வாங்கி அரை மணி நேரம் ஓட்டிப் பார். 0.79 விட்டு மேலே ஏறினால் சந்தேகமே இல்லை. ஏறாவிட்டால் சார்ஜர் செருகும் ஜாக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

---

ரகு_பெரம்பூர் | ஞாயிறு, மாலை 6:48

அளந்துவிட்டேன். எழுதி வைத்தது மகள்.

போர்ட்டல் 2: 1366×768-ல் 34. 1024×576-ல் 52. இரண்டிலும் `GPU` 97, 98 சதவீதம். `Memory` 81.

சிட்டீஸ் (சுமார் எட்டாயிரம் பேர் உள்ள ஊர்): 1366×768-ல் 11. 1024×576-ல் 12. `GPU` 60 சதவீதத்தைத் தாண்டவில்லை. `Memory` 94, `Disk` 100-லேயே நிற்கிறது. ஹார்ட்டிஸ்க் கரகரவென்று சத்தம் வேறு.

நீங்கள் சொன்ன இரண்டு வகை கண்ணுக்கு நேரே தெரிந்தது. கிராபிக்ஸ்தான் குற்றவாளி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், சிட்டீஸில் அது பாதி நேரம் சும்மா இருக்கிறது.

---

சர்வீஸ்_வேலு | ஞாயிறு, இரவு 8:15

நன்றாக அளந்திருக்கிறீர்கள், மகளுக்கு என் பாராட்டு.

போர்ட்டல் 2-ல் புள்ளி பாதியானதும் 34 என்பது 52 ஆனது. `GPU` நூறை ஒட்டி நிற்கிறது. இது முதல் வகை. சிட்டீஸில் 11 என்பது 12 ஆனது, அவ்வளவுதான். அதோடு 4 ஜிபி நிரம்பி வழிந்து ஹார்ட்டிஸ்கை ராமாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. அந்தக் கரகர சத்தம் அதனால்தான்.

வாங்கும் முன் கண்டுபிடிக்க வேண்டும் என்றீர்கள். விற்பனைப் பக்கத்தில் உள்ள குறைந்தபட்சத் தேவையில் கிராபிக்ஸ் வரியை எல்லோரும் பார்ப்பார்கள். அங்கே `Intel HD 4000` என்றோ அதற்குக் கீழேயோ போட்டிருந்தால் உங்களுக்குச் சரி, உங்களுடையது அதற்கு அடுத்தடுத்து வந்தது. அப்புறம் ராம் வரியைப் பாருங்கள். குறைந்தபட்சமே 4 ஜிபி என்றால் அது உங்கள் முழு ராம். விண்டோஸும் ஸ்டீமும் அதில் பாதியை ஏற்கெனவே எடுத்துவிட்டன, கிராபிக்ஸும் அதிலேயே கை வைக்கும். சிட்டீஸ் வெளியானபோது அதன் பக்கத்தில் குறைந்தபட்சம் 4 ஜிபி என்றுதான் இருந்தது.

மூன்றாவதாக, கேம் ஓடும் வீடியோவைப் பார்த்து உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். ஆடிக்கொண்டே போனால் இந்த உலகம் பெரிதாகிக்கொண்டே போகுமா? ஊர் கட்டுவது, தொழிற்சாலை கட்டுவது, பெரும் படை திரட்டுவது எல்லாம் அப்படி. முதல் மணி நேரத்தில் ஓடுவதை வைத்து இருபதாவது மணி நேரத்தைச் சொல்ல முடியாது. அறை அறையாக, கட்டம் கட்டமாகப் போகும் கேமில் இந்த ஆபத்து குறைவு.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். முதல் அரை மணி நேரத்தை இந்த அளவுக்கே ஒதுக்குங்கள். ஆனால் பெரிதாகும் கேமுக்கு இரண்டு மணி நேரம் போதாது. உங்களுக்கு நேர்ந்ததே அதுதான்.

இன்னொன்று. டாஸ்க் மேனேஜரில் `Memory` மேல் அழுத்தினால் கீழே `Slots used` என்று வரும். என்ன போட்டிருக்கிறது?

---

ரகு_பெரம்பூர் | ஞாயிறு, இரவு 8:22

`1 of 2`.

---

சர்வீஸ்_வேலு | ஞாயிறு, இரவு 8:40

அப்படியானால் ஒரு வழி இருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே தெருக் குழாயில் குடம் பிடிக்கின்றன. இரண்டாவது ஸ்லாட்டில் இன்னொரு 4 ஜிபி போட்டால் இடம் மட்டுமல்ல, குழாயும் இரண்டாகும். ஒரு ஸ்டிக்கில் நொடிக்கு 12.8 ஜிபி போகும், இரண்டில் 25.6. தனி மெமரி இல்லாத கிராபிக்ஸுக்கு இது நேரடியாகப் போய்ச் சேரும். அதனால்தான் ஒரே 8 ஜிபி ஸ்டிக்கை விட இரண்டு 4 ஜிபி நல்லது என்கிறேன்.

வாங்கும்போது ஸ்டிக்கரில் `PC3L-12800` என்று இருக்க வேண்டும், அந்த `L` முக்கியம். அது 1.35 வோல்ட் ராம். `L` இல்லாதது 1.5 வோல்ட், உங்கள் பிராசசர் அதை ஏற்காது. போட்டால் திரை கறுப்பாகவே இருக்கும், லேப்டாப் செத்துவிட்டதோ என்று பயந்துவிடுவீர்கள்.

---

பிரபா_கேமர் | ஞாயிறு, இரவு 9:10

வேலு அண்ணா, ரெஜிஸ்ட்ரி விஷயம் புரிந்தது, இத்தனை நாள் எல்லோருக்கும் தப்பாகச் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் ராமுக்கு முன்னால் எஸ்எஸ்டிதான் போட வேண்டும் என்பேன். என் லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்டதும் கேமில் விட்டு விட்டு நின்றது அப்படியே போய்விட்டது.

---

அன்புச்செல்வி_அம்பத்தூர் | ஞாயிறு, இரவு 9:52

பிரபா சொல்வது எனக்கும் நடந்தது. புதிய இடத்துக்குள் நுழையும்போது வரும் தடுக்கல் எஸ்எஸ்டி போட்டதும் நின்றது. ஆனால் நின்ற இடத்தில் எஃப்பிஎஸ் ஒன்றுகூட ஏறவில்லை. இரண்டும் வேறு வேறு நோய்.

நான் பள்ளி ஆசிரியை. என்னிடம் இருப்பதும் 2014 லேப்டாப்தான். வேலு சார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எஃப்பிஎஸ் எல்லா கேமுக்கும் ஒரே அளவு முக்கியமில்லை. இன்டு த பிரீச் மாதிரி மாறி மாறிக் காய் நகர்த்தும் கேமில் 25 வந்தாலும் எனக்குக் குறை தெரிவதில்லை, நான் யோசித்துக்கொண்டுதானே இருக்கிறேன். அதுவும் எட்டுக்கு எட்டுக் கட்டம், கடைசி வரை அதே அளவுதான், பெரிதாகும் ஆபத்தே இல்லை. செலஸ்டில் அப்படி இல்லை. அரை நொடி தடுக்கினால் முள்ளில் விழ வேண்டியதுதான். ஆனால் செலஸ்ட் உள்ளுக்குள் 320×180 அளவில்தான் உலகத்தை வரைந்து பிறகு பெரிதாக்கிக் காட்டுகிறது. 2018-ல் வந்தும் கீர்த்தனாவின் லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு ஓடியதற்குக் காரணம் அதுதான். எனக்கு அந்த விளையாட்டின் மீது தனிப் பிரியம் உண்டு. கிராபிக்ஸ் இல்லாதவர்களுக்கு ஏதோ மிச்சம் மீதி என்று இல்லாமல், அந்த வகையிலேயே ஆகச் சிறந்த ஒன்று நம் லேப்டாப்பில் முழுதாக ஓடுகிறது.

சிவிலைசேஷன் 5 ஆட ஆசை இருந்தால் `F10` அழுத்துங்கள், முப்பரிமாணப் படம் போய் அட்டையில் வரைந்த வரைபடம் மாதிரி ஆகிவிடும். கிராபிக்ஸ் சுமை அத்தோடு தீர்ந்தது. ஆனால் ஆட்டம் இருநூறு சுற்று தாண்டியதும் மற்ற நாடுகள் யோசிக்க எடுக்கும் நேரம் கூடும், அது பிராசசர் கணக்கு, `F10` அதைத் தொடாது. சிறிய வரைபடமும் குறைந்த நாடுகளும் வைத்து ஆடினால் அந்தக் காத்திருப்பைத் தாங்கலாம்.

---

சர்வீஸ்_வேலு | ஞாயிறு, இரவு 10:05

செல்வி மேடம் சொன்னது சரி. எஸ்எஸ்டியா ராமா என்பதில் எனக்கும் பிரபாவுக்கும் ஒத்துப்போகாது போலிருக்கிறது. ரகு சாருக்கு `Memory` 94-ல் இருக்கிறது, அந்த நிலையில் எஸ்எஸ்டி போட்டால் வழிவது வேகமாக வழியும், அவ்வளவுதான். நான் ராம் என்பேன்.

---

பிரபா_கேமர் | ஞாயிறு, இரவு 10:11

கேம் ஆடுவது ஒரு மணி நேரம், மீதி நாளெல்லாம் லேப்டாப் ஆன் ஆவதற்கும் பைல் திறப்பதற்கும் எஸ்எஸ்டிதான் உதவும். பணம் ஒன்றுக்குத்தான் என்றால் நான் இன்னும் எஸ்எஸ்டி பக்கம்தான்.

---

ரகு_பெரம்பூர் | அடுத்த சனி, இரவு 9:35

ரிச்சி ஸ்ட்ரீட் போய் வந்தேன். முதல் கடையில் `L` இல்லாததை எடுத்து நீட்டி "எல்லாம் ஒன்றுதான் சார்" என்றார்கள். இந்த இழையைப் படிக்காமல் போயிருந்தால் வாங்கியிருப்பேன். மூன்றாவது கடையில் `PC3L-12800` பழையது கிடைத்தது, அங்கேயே போட்டு ஆன் செய்து காட்டினார்கள்.

போர்ட்டல் 2 அதே இடத்தில், 1366×768-ல் 34 இருந்தது 45 ஆனது. வேறெதையும் மாற்றவில்லை. சிட்டீஸில் கரகர சத்தம் நின்றது, 11 இருந்தது 17 ஆனது. ஊரை இதற்கு மேல் வளர்க்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று மகள் ஒத்துக்கொண்டாள்.

ஆனால் புதிதாக ஒன்று. போர்ட்டல் 2 முதல் இருபது நிமிடம் 45-ல் ஓடுகிறது. அப்புறம் திடீரென்று 26. வெளியே வந்து பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் மறுபடி 45. ராம் பழையது என்பதாலா?

---

சர்வீஸ்_வேலு | அடுத்த சனி, இரவு 9:58

ராம் கெட்டிருந்தால் நீலத் திரை வரும், கேம் பட்டென்று மூடும். இப்படி நேரம் பார்த்துக் குறையாது. இது சூடு. HWiNFO இறக்கி `Sensors` பக்கத்தைத் திறந்து வைத்து ஆடுங்கள். குறையும் நேரத்தில் `CPU Package` சூடு எவ்வளவு, `GPU Clock` எவ்வளவு?

லேப்டாப்பை எங்கே வைத்து ஆடுகிறீர்கள்?

---

ரகு_பெரம்பூர் | அடுத்த சனி, இரவு 10:50

தொடக்கத்தில் 850 MHz, 84 டிகிரி. குறையும்போது 550 MHz, 97 டிகிரி. மெத்தையில் வைத்துத்தான் ஆடினோம். ஏசி இல்லாத அறை, அக்னி நட்சத்திர வெயில் சுவரில் இன்னும் இருக்கிறது.

---

சர்வீஸ்_வேலு | ஞாயிறு, காலை 7:05

850 என்பது உங்கள் கிராபிக்ஸின் உச்சம். சூடு தாங்காமல் தன்னைத்தானே 550-க்கு இறக்கிக்கொள்கிறது. பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே சிப்பில், 15 வாட்டுக்குள் குடித்தனம் நடத்துகின்றன. காற்று எடுக்கும் ஓட்டை அடியில் இருக்கிறது, மெத்தை அதை அடைத்துவிடும். முதலில் மேசைக்கு மாற்றுங்கள்.

அடுத்தது செலவில்லாதது. 45 வரும் கேமை 30-ல் கட்டிப் போடுங்கள். ஸ்டீமில் போர்ட்டல் 2-ன் `Launch Options`-ல் இதைப் போடுங்கள்:

```
-w 1366 -h 768 +fps_max 30
```

கட்டாமல் விட்டால் கிராபிக்ஸ் நூறு சதவீதமும் ஓடி, சூடாகி, 26-க்கு விழும். கட்டினால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நடுவில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். இருபது நிமிடம் 45, பிறகு 26 என்று ஆடுவதை விட மணிக்கணக்கில் அசையாத 30 கண்ணுக்கு நல்லது. ஏற்ற இறக்கத்தைத்தான் கண் கண்டுபிடிக்கும்.

பத்து வருடமாகத் திறக்கவில்லை என்றால் உள்ளே சுத்தம் செய்வதும் அவசியம். விசிறியைத் தாண்டி, காற்று வெளியேறும் செம்புத் தகடுகளின் முகப்பில்தான் தூசி கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போகாது, விசிறியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். பிராசசர் மேல் தடவும் பேஸ்டும் காய்ந்து பொடியாகியிருக்கும், மாற்றச் சொல்லுங்கள்.

---

கீர்த்தனா_தாம்பரம் | ஞாயிறு, காலை 10:20

வேலு அண்ணா, தோழியின் சார்ஜரைச் செருகினேன், 0.79 உடனே 1.9-க்குப் போனது. செலஸ்ட் திரும்ப வந்துவிட்டது. மிகவும் நன்றி அண்ணா.

ஒரு கேள்வி. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, 11 இந்தப் பிராசசரை ஏற்காது. லினக்ஸுக்கு மாறலாமா? செலஸ்ட் அதில் ஓடுமா?

---

அன்புச்செல்வி_அம்பத்தூர் | ஞாயிறு, காலை 11:15

செலஸ்ட், ஸ்டார்டியூ, இன்டு த பிரீச், போர்ட்டல் 2 நான்குக்கும் லினக்ஸ் பதிப்பே உண்டு. நான் லினக்ஸ் மின்ட் போட்டு ஒரு வருடம் ஆகிறது, 4 ஜிபியில் விண்டோஸை விட மூச்சு விட இடம் இருக்கிறது. ஆனால் விண்டோஸுக்கு மட்டும் வந்த கேம்களை அதில் ஓட்டும்போது நம் பழைய சிப்பில் சிலது திறக்கும், சிலது கறுப்புத் திரையோடு நிற்கும். முன்கூட்டியே சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. உன் பட்டியலில் அப்படிப்பட்டவை எத்தனை என்று பார்த்து முடிவு செய்.

---

பிரபா_கேமர் | ஞாயிறு, பகல் 12:02

வாலரன்ட் மாதிரி ஏமாற்றுத் தடுப்பு உள்ள கேம் ஆடுபவர்கள் லினக்ஸ் பக்கம் போக முடியாது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

---

ரகு_பெரம்பூர் | அதற்கடுத்த ஞாயிறு, இரவு 9:15

சுத்தம் செய்தாகிவிட்டது. விரல் கனத்துக்குத் தூசி வந்தது, மகள் படம் எடுத்து வைத்திருக்கிறாள். மேசை, 30 கட்டு, புதுப் பேஸ்ட் மூன்றும் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆடிய பிறகும் 76 டிகிரி. 30 அசையவே இல்லை.

அப்புறம் இருவரும் சேர்ந்து ஆடலாம் என்று ஒரு கன்ட்ரோலர் வாங்கி, போர்ட்டல் 2-ல் திரையை இரண்டாகப் பிரித்து ஆடினோம். அங்கே 23, 24 தான் வந்தது. சூடு இல்லை, 78-தான். உடனே உங்கள் சோதனையைச் செய்தேன். 1024×576-க்கு இறக்கினேன், 25. `GPU` 70 சதவீதத்தில் நிற்கிறது. அதாவது இது இரண்டாவது வகையாக மாறிவிட்டது, இல்லையா? ஒரே கேம், தனியாக ஆடினால் முதல் வகை, இருவராக ஆடினால் இரண்டாவது வகை. இப்படி நடக்குமா?

---

சர்வீஸ்_வேலு | அதற்கடுத்த ஞாயிறு, இரவு 9:44

நடக்கும், சரியாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். திரையை இரண்டாகப் பிரித்தாலும் மொத்தப் புள்ளி அதேதான், அதனால் கிராபிக்ஸுக்குப் பெரிய மாற்றமில்லை. ஆனால் "இந்தச் சுவர், இந்தக் கதவு, இந்தக் கண்ணாடி, இதையெல்லாம் வரை" என்று பிராசசர் இரண்டு பார்வைக்கும் தனித்தனியாகப் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். சுவரில் வாசல் மாதிரி திறந்து வைத்த ஒவ்வொரு போர்ட்டலும் அதற்குள் இன்னொரு பார்வை. இரண்டு பேரும் இரண்டிரண்டு திறந்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். உங்கள் பிராசசர் 2.0 GHz, அதற்கு மேல் ஏறும் வசதி அதில் கிடையாது.

வீடியோ செட்டிங்ஸில் ரெசல்யூஷனை மறுபடி 1366×768-க்கே ஏற்றிவிடுங்கள், குறைத்ததில் லாபமில்லை. அதற்குப் பதிலாக `Effect Detail`, `Shader Detail` இரண்டையும் கீழே இறக்கிப் பாருங்கள். எவ்வளவு ஏறும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

---

ரகு_பெரம்பூர் | அதற்கடுத்த ஞாயிறு, இரவு 10:30

இரண்டையும் இறக்கினேன், 24 இருந்தது 27 ஆனது. போர்ட்டல்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி இருக்கும் அறைகளில் மட்டும் இன்னும் 22-க்கு விழுகிறது. புதிரை யோசிக்கும் கேம் என்பதால் மகளுக்கு அது தொந்தரவாக இல்லை, குதித்துப் பறக்கும் இடங்களில் எனக்குத் தெரிகிறது. அந்த இடங்களில் கீபோர்டை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். ஐந்தாவது அறை முடித்திருக்கிறோம்.